அடங்கல் வாசிக்கத் தெரிந்த விண்ணப்பதாரர்

ஆங்கிலவழி முதுகலைக்கு விண்ணப்பிக்கும் தமிழ்வழி மாணவர்கள் தங்கள் பலத்தை எங்கே தவறவிடுகிறார்கள்?

தமிழ்வழியில் பட்டம் முடித்துவிட்டு ஆங்கிலவழி முதுகலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் நோக்கக் கட்டுரைகள் (அவர்கள் வழக்கில் எஸ்.ஓ.பி.) பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் தொடங்குகின்றன. ஒன்று, திருக்குறள் அல்லது அப்துல் கலாம். இன்னொன்று, 'நான் ஒரு குக்கிராமத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தேன்' என்பது. முதலாவது நம் பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் பயிற்சி தந்த பழக்கம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுநடுவே மேற்கோள் என்று பத்தாம் வகுப்பில் மதிப்பெண் வாங்கித் தந்த அதே சட்டகம். இரண்டாவது உண்மை, அதனால் அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து ஒரே மாலையில் கட்டுக்கட்டாக விண்ணப்பம் படிக்கிற பேராசிரியருக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் பத்தி முடிந்த பிறகும் இந்த மாணவருக்கு என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் கீழே இறங்கினால் 'தாய்மொழியில் படித்ததால் பாடக் கருத்துகள் எனக்கு ஆழமாகப் புரிந்தன' என்ற வரி வரும். அதற்குப் பின்னால் மயில்சாமி அண்ணாதுரையும் கே.சிவனும் வருவார்கள். இருவரும் தமிழ்வழியில் படித்தவர்கள்தான். ஆனால் அது அவர்களுடைய சாதனை, விண்ணப்பிக்கிறவருடைய தகுதி ஆகாது. 'ஆழமாகப் புரிந்தது' என்பதும் அப்படியே. புரிந்திருக்கலாம், அதை எதை வைத்து நம்புவது?

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 'தமிழ்வழி' என்பது சான்றிதழாகக் கொடுத்துப் பலன் பெறுகிற ஒன்று. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்று பின்னாளில் அதைத் திருத்தினார்கள். பி.எஸ்.டி.எம். சான்றிதழுக்காகத் தொடக்கப்பள்ளி வரை அலைந்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே 'தமிழ்வழி' என்று எழுதிவிட்டாலே எதிர்ப்பக்கத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் விழும் என்று மனம் எதிர்பார்க்கிறது. பெங்களூரில் இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலோ பிரிட்டனில் இருக்கிற ஒரு கல்வி நிறுவனத்திலோ அப்படியொரு கட்டம் கிடையாது. அங்கே விண்ணப்பத்தைப் படிப்பவருக்குத் தமிழ்வழி என்பது வெறும் தகவல். அதைப் பலமாக மாற்ற வேண்டியது விண்ணப்பிப்பவரின் வேலை.

அப்படியானால் அந்தப் பலம் எது? 'எனக்குத் தமிழ் பேசத் தெரியும்' என்று எழுதினால் போதாது. சென்னையில் ஆங்கிலவழியில் படித்த பிள்ளைக்கும் தமிழ் பேசத் தெரியும். அந்தப் பிள்ளையால் முடியாதது வேறு. ஒரு வருவாய்த் துறைப் பதிவேட்டை, கிராமசபைத் தீர்மானப் புத்தகத்தை, கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை, அரசாணையை எடுத்து வைத்துக்கொண்டு தடங்கலில்லாமல் படிப்பதும், படித்ததைத் தமிழிலேயே அறுபது பக்கத்துக்கு வாதமாக எழுதுவதும் பதினைந்து வருடம் தமிழில் பாடம் படித்து, தமிழில் தேர்வு எழுதியவருக்குக் கைவந்த வேலை. தமிழ்நாட்டின் கிராமப்புறத்தைப் பற்றி ஆராய்கிற எந்தத் துறைக்கும் இது ஆராய்ச்சிக் கருவி.

ஒரு மாணவி, ஒரு பதிவேடு

எடுத்துக்காட்டாக ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். திருவாரூர் மாவட்டத்துக் கிராமம். அரசுப் பள்ளி, அரசு கலைக் கல்லூரி, பி.ஏ. பொருளியல் தமிழ்வழி. அப்பா சம்பா சாகுபடி செய்கிறார், சொந்த நிலத்தில் இல்லை, வாய்வழிக் குத்தகையில். மாணவி வளர்ச்சியியல் முதுகலைக்கு இரண்டு இடங்களில் விண்ணப்பிக்கிறார். ஒன்று பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். மற்றொன்று பிரிட்டனின் பிரைட்டனில், சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனம்.

இறுதியாண்டில் இவர் ஒரு புராஜெக்ட் செய்திருக்கிறார். தலைப்பு, தன் கிராமத்தில் குத்தகைச் சாகுபடி. வந்த வழி எளிமையானது. பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய அப்பாவுக்கு அடங்கல் வேண்டியிருந்தது. விஏஓ அலுவலகத்தில் கிடைத்த பதில்: "அடங்கல்ல பட்டாதாரர் பேர்தாம்மா இருக்கு. உங்கப்பா பேருக்கு நான் எதை வச்சுக் குடுக்கறது? அவர்கிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வரச் சொல்லு." நில உரிமையாளர் கடிதம் தரவில்லை. எழுத்தில் கொடுத்தால் குத்தகைப் பதிவு வரைக்கும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. 1969இலிருந்தே தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. நடைமுறையில் வாய்வழிக் குத்தகைகள் பெரும்பாலும் அதில் பதிவாவதில்லை.

அடங்கல் என்பது கிராமக் கணக்கில் இரண்டாம் எண். ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஜூலை 1 முதல் மறுவருடம் ஜூன் 30 வரை, எந்தப் புல எண்ணில், எந்த உட்பிரிவில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர், எந்தப் பாசனம் என்று எழுதி வைக்கிற பதிவேடு. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்குகிற ஆங்கில வருடம் கிடைக்கும். இந்த மாணவி 1431 முதல் 1433 வரை மூன்று பசலிக்குத் தன் ஊர்ப் பாசன வாய்க்கால் ஒன்றின் கீழ் வரும் 62 உட்பிரிவுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு வயலுக்குப் போய், ஒவ்வொன்றிலும் உண்மையில் யார் உழுகிறார்கள், என்ன போட்டார்கள் என்று கேட்டார். 23 உட்பிரிவுகளில் பதிவில் இருப்பவர் ஒருவர், சேற்றில் நிற்பவர் வேறொருவர். சில இடங்களில் முந்தைய வருடத்துப் பயிர்ப் பதிவு அப்படியே திரும்ப எழுதப்பட்டிருந்தது. இதையெல்லாம் தமிழில் எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, துறையில் கொடுத்தார். வைவா முடிந்தது, மதிப்பெண் வந்தது.

எஸ்.ஓ.பி. எழுத உட்கார்ந்தபோது இந்த மாணவி அந்தப் புராஜெக்ட்டுக்கு ஒதுக்கியது ஒரே வரி: 'இறுதியாண்டில் கிராமப்புறப் பொருளாதாரம் குறித்து ஒரு திட்டப்பணி செய்தேன்.' மீதிப் பக்கம் முழுக்க ஐந்து கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போனது, ஆங்கிலம் தெரியாமல் கூச்சப்பட்டது, ஆசிரியர் ஊக்கம் தந்தது. இப்படி எழுதுகிறவர்கள் ஏராளம். ஏன் என்று கேட்டால், அது தமிழில் செய்த புராஜெக்ட், அவர்களுக்கு எப்படிப் பிரயோஜனப்படும் என்று திருப்பிக் கேட்பார்கள். கையில் இருக்கிற ஒரே அசல் ஆராய்ச்சியைத் தமிழில் இருக்கிறது என்பதற்காகவே ஒளித்துவைக்கிறார்கள்.

இதையே மாற்றி எழுதினால் ஆங்கிலத்தில் முதல் பத்தி இந்தப் பொருளில் வரும்:

'என் கிராமத்தின் பயிர்ப் பதிவேட்டில் மூன்று ஆண்டுகளுக்கு 62 நிலத் துண்டுகளைப் படித்து, ஒவ்வொன்றையும் வயலில் சென்று ஒப்பிட்டேன். 23 துண்டுகளில் பதிவில் உள்ளவரும் பயிரிடுபவரும் வேறு வேறு ஆட்கள். பயிரிடுபவர்களில் என் தந்தையும் ஒருவர். பயிர்க் காப்பீடு இந்தப் பதிவை நம்பி நடக்கிறது. பதிவில் இல்லாத விவசாயியைத் திட்டங்கள் எப்படிச் சென்றடையும் என்பதைப் படிக்க விரும்புகிறேன். பதிவேடும் நேர்காணல்களும் 58 பக்க ஆய்வறிக்கையும் தமிழில் இருக்கின்றன. ஒன்று முதல் பட்டம் வரை நான் தமிழ்வழியில் படித்தவள்.'

தமிழ்வழி என்ற சொல் இங்கே கடைசி வரியில் வருகிறது. அதற்குள் வாசிப்பவர் அதன் பயனைப் பார்த்துவிட்டார். வறுமையும் இருக்கிறது, 'பயிரிடுபவர்களில் என் தந்தையும் ஒருவர்' என்ற ஒரே வரியில். அதற்குமேல் எழுதினால் வாசிப்பவர் இரக்கப்படுவார். இரக்கப்பட்டவர் உதவித்தொகைக்குப் பரிந்துரைக்கலாம். அந்தப் படிப்பை முடிக்கிற திறமை இவருக்கு உண்டு என்று சொல்ல அவருக்கு வேறு ஆதாரம் வேண்டும்.

இரண்டாவது பத்தியில் தன் வேலையைத் துறையோடு இணைக்க வேண்டும். இதில்தான் பலரும் இணையத்தில் கிடைத்த பெரிய பெயர்களைக் கொட்டுவார்கள். இந்த மாணவிக்கு அந்த அவசியமே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, நிலமும் கடனும் கூலியும் எப்படி இருக்கின்றன என்று விசாரித்து எழுதச் சொன்னார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அந்த ஊர்களுள் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் உண்டு. 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்ற பெயரிலேயே பின்னாளில் பலர் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் ஆராய்ந்திருக்கிறார்கள். 1970களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சேர்ந்து வட ஆற்காட்டில் பசுமைப் புரட்சியின் விளைவை ஆராய்ந்தபோது அந்தக் குழுவில் இருந்தவர் ராபர்ட் சேம்பர்ஸ். அவர் நெடுங்காலம் வேலை பார்த்த இடம்தான் இந்த மாணவி விண்ணப்பிக்கிற பிரைட்டன் நிறுவனம். சொந்த ஊரைப் படித்த பொருளியல் மாணவி என்பது நூறு வருடப் பழக்கமுள்ள ஒரு வரிசை. அதில் தன் இடத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

மொழிக்கு ஒரு அச்சு கிடையாது

'முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் மாற்றலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. சிந்திப்பதற்குத் தமிழில் எழுதுங்கள். ஆனால் அதை வரிக்கு வரி மாற்றாதீர்கள். கோளாறு இலக்கணத்தில் வருவதைவிட வரிசையில்தான் அதிகம் வருகிறது. நம் கல்லூரிக் கட்டுரையில் பின்னணியைச் சொல்லி, மெதுவாக விஷயத்துக்கு வருவோம். விண்ணப்பம் படிக்கிறவர் விஷயத்தை முதலில் கேட்கிறார், பின்னணியை அப்புறம்.

இதை ஆங்கில மொழியின் இயல்பு, தமிழ் மொழியின் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போன சுரேஷ் கனகராஜா இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். 2006இல் வெளியான ஒரு கட்டுரையில் பேராசிரியர் கா.சிவத்தம்பியின் மூன்று எழுத்துகளை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளூர் வாசகருக்குத் தமிழில் எழுதியது ஒன்று, உள்ளூர் வாசகருக்கே ஆங்கிலத்தில் எழுதியது ஒன்று, வெளிநாட்டு வாசகருக்கு ஆங்கிலத்தில் எழுதியது ஒன்று. ஒரே ஆள் மூன்றையும் மூன்று விதமாகத் தொடங்குகிறார். இரண்டு ஆங்கிலக் கட்டுரைகளே ஒன்றுபோல இல்லை. யார் படிக்கப்போகிறார் என்பதைப் பார்த்து எழுத்தாளர் தெரிவு செய்கிறார் என்பதே கனகராஜா சொல்ல வந்தது. தமிழ்வழி மாணவர் ஒருவர் கிராமத்துப் பெரியவரிடம் பேட்டி எடுத்து, அதைத் தமிழில் அறிக்கையாக்கி, அதையே ஆங்கிலத்தில் ஒரு பத்தியாகச் சுருக்கினால் அவர் செய்வதும் இதே வேலைதான். விண்ணப்பத்தில் அதைச் செய்து காட்டலாம், அதற்குத் தனியாக விளக்கம் எழுதத் தேவையில்லை.

'ஆங்கிலம் வருமா?' என்ற கேள்வி

சேர்க்கைக் குழுவின் மனத்தில் ஓடுகிற, வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது: இந்த மாணவி வாரத்துக்கு நூறு பக்கம் ஆங்கிலத்தில் படித்துக் கட்டுரை எழுதுவாரா? இதற்கு எஸ்.ஓ.பி.யில் பதில் சொல்லப்போனால் 'ஆரம்பத்தில் ஆங்கிலம் எனக்குச் சவாலாக இருந்தது, இப்போது வென்றுவிட்டேன்' என்று எழுதத் தோன்றும். அந்த வரி சந்தேகத்தைத்தான் கிளப்பும். பதில் சொல்ல வேண்டியது தேர்வு மதிப்பெண்.

இந்தியாவில் நுழைவுத் தேர்வும் நேர்காணலுமே இதைப் பார்த்துவிடும். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஒரு தேர்வு வேண்டும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வரை மதிப்பீடு. முதுகலைக்குப் பல இடங்களில் கேட்பது மொத்தத்தில் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். படித்தலில் 7.5 வாங்கி மொத்தத்தை ஏற்றிவிட்டு, எழுதுதலில் 5.5இல் நின்றுவிடுவார்கள். அப்புறம் பணம் கட்டி மறுபடியும் எழுத வேண்டும். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் விண்ணப்பிக்கிற வருடத்துக்குச் சற்று முன்பாக எழுதுவது நல்லது. எழுதுதல் பகுதியை மட்டும் தனியாக மூன்று நான்கு மாதம் பழகிவிட்டுப் போவது அதைவிட நல்லது.

ஆங்கிலவழியில் பட்டம் படித்தவர்கள், பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து, சில இடங்களில் இந்தத் தேர்விலிருந்து விலக்குப் பெறுவார்கள். 'எனக்கும் அப்படி ஒன்று போட்டுக் குடுங்க சார்' என்று தமிழ்வழி மாணவர்கள் கேட்பதும், இரக்கப்பட்டுச் சில அலுவலகங்களில் போட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. அதைச் செய்யவே கூடாது. மதிப்பெண் பட்டியலிலோ மாற்றுச் சான்றிதழிலோ பயிற்றுமொழி தமிழ் என்று இருந்து, கடிதத்தில் ஆங்கிலம் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே செத்துவிடும். போதாக்குறைக்கு, இதே விண்ணப்பத்தின் முதல் பத்தியில் 'நான் தமிழ்வழி' என்று பெருமையாக எழுதியிருப்பார். தாளில் ஆங்கிலவழி என்று இருந்து, தேர்வைத் தமிழில் எழுதிய மாணவர்களும் இருக்கிறார்கள். அப்படி எழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழுவே 2023இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அவர்கள் உள்ளது உள்ளபடி ஒரு வரியில் சொல்லிவிட்டு, தேர்வு மதிப்பெண்ணைக் கூடவே வைத்துவிடுவது பாதுகாப்பு.

பிளஸ் டூ முடித்து நேரடியாகப் பிரிட்டனில் இளங்கலைக்குப் போகிறவர்களுக்கும், எதை எங்கே சொல்வது என்ற இதே பங்கீடு பொருந்தும். 2026 சேர்க்கையிலிருந்து அங்கே பொது விண்ணப்ப அமைப்பு தன் தனிக்கட்டுரையை மூன்று கேள்விகளாக உடைத்துவிட்டது. இந்தப் பாடம் ஏன், இதுவரை படித்தது எப்படித் தயார் செய்தது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள்தான், இடைவெளியையும் சேர்த்து. பள்ளியின் நிலைமை, குடும்பத்தின் இடையூறு ஆகியவற்றுக்கு அங்கே இடம் ஆசிரியர் எழுதும் பரிந்துரையில் இருக்கிறது.

நீயே எழுதிட்டு வாம்மா

ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம்தான் இந்தச் சங்கிலியில் மிக வலுவில்லாத கண்ணி. நம் கல்லூரிகளில் இது நடக்கிற விதம் எல்லோருக்கும் தெரியும். "நீயே ஒண்ணு டைப் பண்ணிட்டு வாம்மா, லெட்டர்ஹெட்ல போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." மாணவி சீனியரிடமிருந்து ஒரு மாதிரி வாங்கி வருவார். நேர்மையானவர், கடின உழைப்பாளி, கீழ்ப்படிதலுள்ளவர், வருகைப்பதிவு நன்று. மூன்று பேராசிரியர் பெயரில் மூன்று கடிதம் போகும், மூன்றும் ஒரே கை. படிக்கிறவர் அதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்.

பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமிருந்தால் தமிழில் சொல்லட்டும், துறையில் யாராவது ஆங்கிலமாக்கட்டும், பேராசிரியர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும். சொல்ல வேண்டியது அவருக்கு மட்டுமே தெரிந்ததை. வகுப்பில் எத்தனை பேர், அதில் இவர் எங்கே நின்றார். புராஜெக்ட்டுக்கு இவரே தலைப்புக் கொண்டு வந்தாரா, துறை கொடுத்ததா. விஏஓ பதிவேட்டைக் காட்ட மறுத்தபோது என்ன செய்தார். வைவாவில் வெளித்தேர்வாளர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார். தமிழ்வழிக்குத் தரமான புத்தகம் கிடைக்காத தாள்களுக்கு இவர் எந்த ஆங்கிலப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்துப் படித்தார். கடைசியாகச் சொன்ன இந்த ஒரு தகவல், மாணவி தன் வாயால் சொல்கிற பத்து வரியைவிடக் கனமானது, ஏனென்றால் சொல்வது இன்னொருவர்.

நேர்காணலிலும் இந்த மொழி மாற்றம் ஒரு இடத்தில் இடறும். பாடம் தெரியும், பாடத்தின் ஆங்கிலப் பெயர் தெரியாது. தேவை நெகிழ்ச்சி என்று படித்தவரிடம் எலாஸ்டிசிட்டி என்று கேட்டால் ஒரு கணம் வெளிச்சம் போய்விடும். இறுதிநிலைப் பயன்பாடு, மார்ஜினல் யுடிலிட்டி என்பவையும் அப்படியே. கேட்பவருக்கு அந்த மௌனம் பாடம் தெரியாத மௌனமாகத் தோன்றும். பி.ஏ. பொருளியலில் அடிப்படையான கலைச்சொற்களை மூன்று வருடப் பாடப் புத்தகங்களின் பின்பக்கத்திலிருந்து எடுத்து, பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் ஒரு மாத வேலை. அப்படியும் மறந்தால் பேனாவை எடுத்து வரைபடத்தை வரைந்துவிட்டு, 'இதைத்தானே கேட்கிறீர்கள்?' என்று கேட்கலாம். நல்ல பேராசிரியர்கள் அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை, கூட்டியும் கொடுப்பார்கள்.

எங்கே இது செல்லாது

தமிழ்வழி எல்லாப் படிப்புக்கும் பலம் என்று எழுதினால் அது பொய். கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது பயிற்றுமொழி ஒரு பின்னணித் தகவல் மட்டுமே. விண்ணப்பத்தில் அதற்கான இடத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, மீதி இடத்தை நீங்கள் போட்ட கணக்குக்கும் எழுதிய நிரலுக்கும் கொடுங்கள். அங்கே போய் 'தமிழில் சிந்திப்பதால் எனக்குத் தர்க்கம் நன்றாக வரும்' என்று எழுதுவது சிரிப்புக்கு இடம் கொடுக்கும். விதிவிலக்காக, தமிழ் மொழிக் கணினியியல் போல மொழியே பொருளாகும் வேலைகள் உண்டு. பொருளியல், சமூகவியல், வரலாறு, பொதுச் சுகாதாரம், சட்டம், சூழலியல் என்று ஊரோடும் ஆவணத்தோடும் புழங்கும் துறைகளில் அது நேரடியாகப் பயன்படும். அங்கேயும், செய்து காட்டிய வேலை ஒன்று கையில் இருந்தால்தான்.

அந்த வேலைக்கான ஆதாரம் எங்கே போகிறது என்பது என் கடைசிக் கவலை. தமிழ்வழி இளங்கலை மாணவர்கள் மெனக்கெட்டு எழுதிய புராஜெக்ட் அறிக்கைகள் வைவா முடிந்ததும் துறை அலமாரியில் அடுக்கப்பட்டு, இரண்டு மூன்று வருடத்தில் பழைய தாளோடு எடைக்குப் போகின்றன. மாணவரிடமும் பிரதி இருப்பதில்லை, டைப் செய்த கடையில் அழித்திருப்பார்கள். விண்ணப்பத்தின்போது எழுத்து மாதிரி கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. துறைத் தலைவர்களிடம் கேட்பது இரண்டே விஷயம். மதிப்பிட்ட அறிக்கையில் ஒரு பிரதியை முத்திரையோடு மாணவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதன் முன்பக்கத்தில் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் கட்டாயம் என்று விதி வையுங்கள், அதை மாணவரே எழுதட்டும். வரும் ஏப்ரலில் வைவா நடத்துகிற துறைகள் இதை இந்த வருடமே தொடங்கலாம், செலவு ஒன்றும் இல்லை.